கூட்டுறவுக் கைத்தறியின் இணைய விற்பனை

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தறிகளில் நெய்த துணியை, கடைக்கு வராத வாங்குவோருக்கும் இணையம் வழியாக விற்கும் முறை இது. தமிழ்நாட்டில் இதைச் செய்யும் பெரிய அமைப்பு கோ-ஆப்டெக்ஸ். 1935இல் தொடங்கிய இந்தத் தலைமைச் சங்கம், ஊர்தோறும் உள்ள தொடக்கச் சங்கங்களிடமிருந்து சேலைகளை வாங்கித் தன் விற்பனை நிலையங்களிலும் இணையதளத்திலும் விற்கிறது. இணையத்துக்கு வந்ததும் இச்சங்கங்கள் சந்திக்கும் சிக்கல் பெரும்பாலும் தறியிலேயே தொடங்குகிறது. காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் அதைத் தெளிவாகக் காணலாம்.

காஞ்சிபுரத்தில் ஒரு பாவு வழக்கமாக மூன்று சேலைக்குப் போதும். அந்த மூன்றும் ஒரே பாவு நிறம், ஒரே கரை. பாவு தீர்ந்து அடுத்தது ஏற்றும்போது நூல் புதிதாகச் சாயம் முக்கியதாக இருக்கும். நிறம் இம்மியளவு மாறினாலும் பழைய படத்தைக் காட்டி விற்க முடியாது. விசைத்தறி வணிகர் ஒரு படத்தை எடுத்து அதே சேலையை நூற்றுக்கணக்கில் விற்றுவிடுவார். சங்கத்துக்கோ படம் எடுப்பது, அளவு குறிப்பது, விவரம் எழுதுவது ஆகிய வேலையெல்லாம் மூன்று சேலைக்கு ஒருமுறை, சில சமயம் ஒவ்வொரு சேலைக்கும் தனித்தனியாக வந்து நிற்கும். இணைய விற்பனையின் மறைமுகச் செலவு இதுதான்.

வடிவமைப்பாளர்கள் கண்ட வழியும் பாவிலிருந்தே வருகிறது. புதிய உருவம் வேண்டுமென்றால் கட்டத்தாளில் வரைந்து, ஜக்கார்டு அட்டைகளைக் குத்தி, பெட்டியில் பூட்டிச் சோதிக்க வேண்டும். மூன்று சேலைக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. ஊடை நிறத்தை மாற்றுவது மலிவு. அரக்குப் பாவில் முதல் சேலைக்கு அரக்கு ஊடை, இரண்டாவதற்குப் பச்சை, மூன்றாவதற்குக் கறுப்பு என்று கொடுத்தால் ஒரே பாவில் மூன்று வெவ்வேறு சேலைகள் கிடைக்கும். கரையைக் குறுக்குவதும், புட்டாவைச் சிதறலாக வைப்பதும், முந்தியின் ஜரிகையைக் குறைப்பதும் இதே வகை. அலுவலகத்துக்கு உடுத்த எடை குறைந்த சேலை தேடும் இளம் வாங்குவோருக்கு இவை பொருந்துகின்றன. ஜரிகை குறைவதால் விலையும் இறங்குகிறது.

ஊடை நிறத்தை மாற்றும் உத்தியில் ஒரு சிக்கல் உண்டு. பாவும் ஊடையும் வேறு நிறமானால் துணி இரட்டை நிறம் காட்டும். நீலமும் பச்சையும் கலந்த மயில்கழுத்து நிறம் மடிப்புக்கு மடிப்பு மாறுவதே அதன் அழகு, ஆனால் கேமரா அதில் ஒன்றை மட்டுமே பிடிக்கும். நீலம் என்று நம்பி வாங்கியவர் பச்சையாக இருக்கிறதென்று திருப்பி அனுப்புவார். பகல் வெளிச்சத்தில், விரித்த நிலையில் ஒன்றும் மடித்த நிலையில் ஒன்றுமாகப் படம் எடுத்து, பாவு நிறத்தையும் ஊடை நிறத்தையும் தனித்தனியே எழுதினால் இந்தக் குறை பெருமளவு தீரும். இதை விட்டுவிட்டு, மாதிரிப் பெண் நிற்கும் ஒரே அலங்காரப் படத்தை மட்டும் போடும் தளங்களே அதிகம்.

படம் காட்ட வேண்டிய இன்னொன்று, சேலையின் பின்பக்கம். கோர்வைச் சேலையில் உடலுக்கும் இருபக்கக் கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடும்; ஒவ்வொரு இழையிலும் உடல் ஊடையும் கரை ஊடையும் கோத்துக்கொள்ளும். அதனால் கரை நிறத்தில் உடல் நிறம் கலக்காது. பின்பக்கம் பார்த்தால் இணைப்புக் கோடு தெரியும். ஒரே நாடாவில் நெய்த சேலையில் உடல் ஊடை கரையிலும் ஓடுவதால், கரையில் அந்தச் சாயல் படிந்திருக்கும். அதுவும் கைத்தறியாக இருக்கலாம், ஆனால் கோர்வை விலைக்கு உரியதல்ல. முந்திக்கு வேறு நிறப் பாவை இழைக்கு இழை இணைக்கும் பெட்னி வேலையும் பின்பக்கத்தில்தான் வெளிப்படும்.

வாங்குவோர் நேரில் தொட்டுப் பார்க்க முடியாத குறையைச் சான்றுகள் ஓரளவு ஈடுசெய்கின்றன. பட்டுக்குச் சில்க் மார்க், கைத்தறிக்கு 2006இல் வந்த கைத்தறி முத்திரை, 2015இல் தொடங்கிய இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட் ஆகியவை நடைமுறையில் உள்ளன. கோ-ஆப்டெக்ஸ் இதற்கு மேலும் ஒருபடி போய், நெய்தவரின் படமும் பெயரும் கொண்ட அட்டையைச் சேலையோடு இணைத்தது. எளிய யோசனை, ஆனால் விளம்பரத்தைவிட அது வாங்குவோரிடம் அதிகம் பேசுகிறது.

இணைய விற்பனையின் எல்லை பணத்தில் இருக்கிறது. நெசவாளருக்குச் சேலை கைமாறியதும் கூலி தர வேண்டும். பட்டு, ஜரிகை வாங்கிய பணம் அதற்கு முன்பே போயிருக்கும். சேலை இணையத்தில் விற்று, திருப்பி அனுப்பும் காலம் முடிந்து, தலைமைச் சங்கத்தின் கணக்கு வழியே தொகை வந்து சேரும்வரை தொடக்கச் சங்கத்தின் முதல் முடங்கிக் கிடக்கும். தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் கடையில் குவியும் விற்பனையை நம்பியே பல சங்கங்கள் பாவு ஓட்டுகின்றன. ஆகவே இணையத்துக்கென்று தனியாகச் சில தறிகளை ஒதுக்கி, மற்றவற்றைக் கடைக்கு ஓட்டும் சங்கமே இரண்டையும் தாங்குகிறது. முன்பதிவு வாங்கி நெய்வது முதலின் சுமையைக் குறைக்கும். ஆனால் ஒரு கோர்வைச் சேலைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதை வாங்குவோருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.