டெல்டா நடுநிலைப் பள்ளிகளில் ஹேண்ட்பால் பயிற்சி

ஹேண்ட்பால் என்பது அணிக்கு எழுவர் கையால் பந்தை எறிந்து கோலடிக்கும் விளையாட்டு ஆகும். 1982இல் புது தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. தமிழில் கைப்பந்து என்பது வாலிபாலையும் எறிபந்து என்பது த்ரோபாலையும் குறிப்பதால், பள்ளிகளில் ஆங்கிலப் பெயரே வழங்குகிறது.

காவிரி டெல்டாவில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்பு மாணவர்களுக்கு இதனைக் கற்பிக்கும்போது மண்ணையும் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் களிமண் திடல் இளகிவிடும். தட்டிய பந்து எழும்பாது. ஆகவே பந்தைத் தட்டிச் செல்வதைப் பின்னர் வைத்துக்கொண்டு, கைமாற்றுதலிலும் கோலடித்தலிலும் தொடங்குவது பொருத்தமாகும்.

கைமாற்று ஆட்டம்

24 பேர் கொண்ட வகுப்பில் ஐவர் கொண்ட நான்கு அணிகள், 15 மீட்டர் சதுரங்கள் இரண்டில் ஆடலாம். எஞ்சிய நால்வர், சதுரத்திற்கு இருவராக நின்று காலடிகளை உரக்க எண்ணுவர். ஐந்து முறை தொடர்ந்து கைமாற்றினால் ஒரு புள்ளி. கொடுத்தவருக்கே உடனே திருப்பித் தரக்கூடாது. பந்தைப் பிடித்தவர் மூன்று அடிக்கு மேல் நடக்கவோ, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவோ கூடாது. அந்தரத்தில் பிடித்து இறங்கும் முதல் கால் அடியாக எண்ணப்படாது. எண்ணுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

கபடி பழகிய மாணவர் எதிராளியைக் கட்டிப் பிடிப்பதுண்டு. ஹேண்ட்பாலில் மடித்த கைகளாலும் உடலாலும் வழிமறிக்கலாம். பிடித்தலும் தள்ளுதலும் தவறாகும். த்ரோபால் பழகியவர் நின்ற இடத்திலேயே எறிவார். அவருக்கு ஓடிக்கொண்டே பிடிக்கும் பயிற்சி தேவை.

கோலடிக்கும் ஆட்டம்

3 மீட்டர் இடைவெளியில் இரு மூங்கில்களை நட்டு, 2 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டினால் கோல் ஆகிவிடும். ஒவ்வொரு கம்பத்தடியிலிருந்தும் 6 மீட்டர் கயிற்றால் கால்வட்டம் வரைந்து, இரண்டையும் 3 மீட்டர் நேர்கோட்டால் இணைத்தால் கோல் பகுதி கிடைக்கும். கோட்டிற்கு உமிச்சாம்பல் போதும். மூவர் தாக்க, இருவர் தடுக்க, ஒருவர் கோலைக் காப்பார். மூன்று கைமாற்றுகளுக்குப் பின்னரே கோலை நோக்கி எறியலாம்.

கோடும் கோல் பகுதியைச் சேர்ந்ததே. அதை மிதித்து எறிந்த கோல் செல்லாது. ஆனால் கோட்டிற்கு வெளியே தரையை உந்தித் தாவி, இறங்குவதற்குள் பந்தை விடலாம். சாம்பலில் பதியும் கால்தடம் சச்சரவைத் தீர்த்துவிடும். தடம் எப்போதும் கோட்டின் மேலேயே விழுந்தால், மாணவர் தாவும் இடத்தைப் பிந்தித் தேர்கிறார் என்று கொள்ளலாம். ஓட்டத்தை ஓரடி முன்னதாகத் தொடங்கச் செய்ய வேண்டும். முழங்கை தோளுக்குக் கீழே தாழ்ந்தால் எறியும் விசை குறையும். பந்து கைக்குள் அடங்காததும் இதற்குக் காரணமாகலாம். இவ்வயதில் சிறியவர்களுக்கு, சுற்றளவு 50 முதல் 52 செ.மீ. வரையுள்ள ஒன்றாம் எண் பந்து ஏற்றது. கோல் காப்பவர் அருகிலிருந்து அடி வாங்குவதால், தொடக்கத்தில் காற்றுக் குறைத்த மென்பந்தையே பயன்படுத்துவது நல்லது.