பொருட்படுத்தாத கட்டமும் நிரம்பி வழியும் தொட்டியும்

திண்டுக்கல் சமவெளியின் அடியில் கடும்பாறை. போர்வெல்லில் ஏறுவது பல இடங்களில் கடின நீர். தோல் பதனிடும் ஆலைகளை ஒட்டிய பகுதிகளில் உப்பு இன்னும் கூடுதல். மேல்நிலைத் தொட்டிக்குள் தொங்கும் உணர்கம்பியில் சுண்ணாம்பு படிந்துவிட்டால், அது நீரில் மூழ்கியிருந்தும் வறண்டதாகவே காட்டும். தானியங்கி மோட்டாருக்குச் சுற்று வரைபவர் இதை முதலிலேயே கணக்கில் எடுத்தாக வேண்டும் என்பதே என் வாதம்.

கிணற்றில் நீர் இருந்தால் W = 1. தொட்டியின் கீழ்க்கம்பி நனைந்தால் L = 1, மேல்கம்பி நனைந்தால் H = 1. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் M = 1. கீழ்க்கம்பி வறண்டதும் மோட்டார் ஓடத் தொடங்கி, மேல்கம்பி நனையும்வரை ஓட வேண்டும். கிணறு வற்றினால் உடனே நிற்க வேண்டும்.

மாரிஸ் கார்னோ 1953-இல் வெளியிட்ட முறைப்படி, மோட்டாரை ஓட்டும் கட்டளை F-க்கு 16 கட்டங்களை வரைந்தால், மூன்றில் மட்டுமே 1 விழும். மேல்கம்பி நனைந்து கீழ்க்கம்பி வறண்டிருப்பது (L = 0, H = 1) நடவாத நிலை என்று பாடநூல் வழியில் நான்கு கட்டங்களுக்கு X இடுவோம். வசதிக்காக அவற்றில் இரண்டை 1 ஆக்கினால் நான்கு கட்டக் குழு ஒன்று கிடைக்கும்:

F = WL' + WH'M

அந்த X-களை 0 ஆகவே விட்டால்:

F = WL'H' + WH'M

முதலாவதில் ஐந்து எழுத்துகள், இரண்டாவதில் ஆறு. வரைபடம் முதலாவதையே குறுகியது என்கிறது. ஆனால் கீழ்க்கம்பியில் சுண்ணாம்பு படிந்த நாளில் WL' என்ற உறுப்பு 1 ஆகவே நிற்கும். தொட்டி நிரம்பி வழிந்தாலும், கிணறு வற்றும்வரை மோட்டார் ஓடும். இரண்டாவது சுற்றில் மேல்கம்பி நனைந்ததும் மோட்டார் நின்றுவிடும்.

பாதுகாப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோமா? இல்லை. பொதுக்காரணிகளை வெளியே எடுத்தால் முதலாவது W(L' + H'M), இரண்டாவது WH'(L' + M). இரண்டிலும் நான்கே எழுத்துகள். இரண்டாவது, நிறுத்தும் கட்டளைக்கு முன்னுரிமை தரும் NOR தாழ்ப்பாளேதான். வறண்ட கம்பி 1 தரும்படி இணைத்தால் L', W' இரண்டும் நேரடியாகக் கிடைக்கும். H-ஐ மட்டும் தலைகீழாக்க வேண்டும்.

```
H  = NOR(H', H', H')
Q' = NOR(L', M, M)
M  = NOR(H, W', Q')
```

மூன்று உள்ளீட்டு NOR கதவுகள் மூன்று கொண்ட CD4025 சில்லு ஒன்றே போதும். முதலாவதை அதே கதவுகளுக்கு நேரடியாக மாற்றினால் ஐந்து தேவைப்படும். வரைபடத்தின் சிக்கனம் இரண்டடுக்குச் சமன்பாட்டுக்கு உரியது; தாழ்ப்பாளாகப் பின்னூட்டம் பெறும் சுற்றுக்கு அது அப்படியே பொருந்துவதில்லை.

கீழ்க்கம்பி பழுதானதை இரண்டாவது சுற்றே காட்டிக்கொடுக்கும். மேல்மட்டத்திலிருந்து நீர் சற்றே இறங்கியதும் மோட்டார் மீண்டும் ஓடும். நிற்பதும் ஓடுவதுமாக இருக்கும். கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய அதுவே அறிகுறி. மேல்கம்பியில் படிவு ஏறினாலோ இரண்டு சுற்றும் கைவிடும். அப்போது H எப்போதும் 0. வரைபடத்தின் எந்தக் கட்டத்தை மாற்றியும் பயனில்லை. அதற்கு இன்னொரு மேல்கம்பியைச் சேர்த்து, இரண்டில் ஒன்று நனைந்தாலும் மோட்டாரை நிறுத்தும்படி இணைக்க வேண்டும்.