பார்ப்பவர் நிற்கும் இடம்: பரோக் கட்டடக்கலையை அடையாளம் காண ஓர் அளவுகோல்

நாயக்கர் கால மண்டபங்களைப் பற்றிய எழுத்துகளில் 'பரோக்' என்ற சொல் அவ்வப்போது வந்து போகும். முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகள், யாளிகள், இடைவெளியே இல்லாமல் செதுக்கிய தூண்கள் ஆகியவற்றைக் காணும் மேலைநாட்டார், தங்கள் நாட்டின் 17ஆம் நூற்றாண்டுத் தேவாலயங்களை நினைத்து இப்படிப் பெயரிட்டார்கள். காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இந்தப் பெயரீடு இரண்டு மரபுகளையும் மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து. பரோக் என்றால் அலங்காரத்தின் மிகுதி என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம். அலங்காரத்தின் அளவை வைத்து பரோக்கை அடையாளம் காண முடியாது. பார்ப்பவர் எங்கே நிற்கிறார், எப்படி நகர்கிறார் என்பதைக் கட்டடம் முன்கூட்டியே கணக்கிட்டிருக்கிறதா என்பதே கேள்வி. வளைவு, ஒளி, விதான ஓவியம் மூன்றும் அந்தக் கணக்கின் கருவிகள். கணக்கு மிகத் தெளிவாகத் தெரிவது விதானத்தில் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரோம் நகரில் இயேசு சபையாரின் புனித இக்னேஷியஸ் ஆலயம் 1626இல் தொடங்கப்பட்டது. அதன் நீண்ட நடுக்கூடத்துக்கு மேலே அரை உருளை வடிவில் வளைந்த கூரை இருக்கிறது. சபையின் உறுப்பினரும் ஓவியருமான ஆந்திரேயா போட்சோ 1694 வாக்கில் அதில் ஓர் ஓவியத்தை முடித்தார். கீழேயுள்ள உண்மையான சுவர் மேலே இன்னொரு மாடியாகத் தொடர்வதுபோலத் தெரியும். அங்கே தூண்களும் வளைவுகளும் எழும்பி நிற்க, அவற்றுக்கும் அப்பால் திறந்த வானம். கிறிஸ்துவிடமிருந்து புறப்படும் ஒளி இக்னேஷியஸின் நெஞ்சில் பட்டு, அங்கிருந்து பிரிந்து நான்கு கண்டங்களைக் குறிக்கும் உருவங்களை நோக்கிப் போகிறது. ஆசியா ஒட்டகத்தின் மேல் அமர்ந்திருக்கிறாள். சுவர் எங்கே முடிகிறது, வண்ணம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் இது ஓரிடத்தில் நின்றால்தான். அந்த இடத்தைத் தரையில் ஒரு வட்டக்கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இதை அவர் எப்படிச் செய்தார் என்று தன் நூலிலேயே எழுதியிருக்கிறார். முதலில் தட்டையான தாளில் முழுக் காட்சியையும் வரைந்து, அதன்மேல் சதுரக் கட்டங்கள் போட வேண்டும். பிறகு கூரையின் வளைவு தொடங்கும் உயரத்தில், கூடத்தின் குறுக்கும் நெடுக்குமாக நூல்களைக் கட்டி அதே கட்டங்களை அமைக்க வேண்டும். பார்ப்பவரின் கண் இருக்கவேண்டிய புள்ளியில் இரவில் ஒரு விளக்கை வைத்தால், நூல்வலையின் நிழல் வளைகூரையில் விழும். தாளில் சதுரமாக இருந்த கட்டம் கூரையில் நீண்டும் வளைந்தும் விழும். அந்த நிழல்கோட்டையே சாந்தின்மேல் வரைந்துகொண்டு, கட்டத்துக்குக் கட்டம் தாளிலுள்ள ஓவியத்தைக் கூரைக்கு மாற்ற வேண்டும். நிழல் மங்கிப்போகும் அளவுக்குக் கூரை தொலைவில் இருந்தால், விளக்குக்குப் பதிலாகக் கண்புள்ளியிலிருந்து நீண்ட நூலை இழுத்துக் குறிக்க வேண்டும். ஆக, விளக்கு இருந்த இடத்தில் கண் இருக்கும்வரை எல்லாம் நேராகத் தெரியும்.

கண் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். வளைவை விட்டுவிட்டு, கண்மட்டத்துக்கு மேல் 20 மீட்டர் உயரத்தில் தட்டையான விதானம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாம் கூடத்தின் நடுவில் நிற்கிறோம். இருபுறச் சுவர்களும் 8 மீட்டர் தொலைவில் உள்ளன. அந்தச் சுவர்களின் மேல் இன்னும் 10 மீட்டர் உயரத்துக்குத் தூண்கள் நிற்பதாகக் காட்ட வேண்டும். கண்ணிலிருந்து கற்பனைத் தூணின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தால், அது விதானத்தை நம் தலைக்கு நேர்மேலிருந்து சுமார் 5.3 மீட்டர் தள்ளி வெட்டும். ஆகவே 10 மீட்டர்த் தூணுக்கு ஓவியர் தீட்டுவது சுமார் 2.7 மீட்டர் நீளப் பட்டைதான். இப்போது ஒரு சுவரை நோக்கி 3 மீட்டர் நடந்து மேலே பாருங்கள். அந்தப் பக்கத் தூண் ஏறக்குறைய 23 மீட்டர் உயரம் வளர்ந்ததுபோலத் தெரியும். எதிர்ப்பக்கத் தூண் 6 மீட்டருக்குச் சற்று மேலாகக் குறுகிவிடும். கூடத்தின் நீளவாக்கில் நகர்ந்தாலோ எல்லாத் தூண்களும் ஒரு பக்கமாகச் சாயும், ஏனென்றால் அவை இன்னமும் பழைய கண்புள்ளியின் உச்சியை நோக்கியே குவிகின்றன. கூரை வளைந்திருந்தால் நேர்க்கோடுகள் வளைந்தும் போகும்.

இந்தக் குறை போட்சோவுக்குத் தெரியாததல்ல. இவ்வளவு நீண்ட கூடத்தில் ஒரே கண்புள்ளி போதாது, பலவற்றை வைக்கலாம் என்ற வாதத்தை அவர் நூலிலேயே எடுத்துக்கொண்டு மறுக்கிறார். ஒரு காட்சிக்கு ஒரு கண்புள்ளிதான் என்பதில் அவர் அசையவில்லை. அதே ஆலயத்தில் திட்டமிட்ட குவிமாடம் கட்டப்படாமல் போனபோது, 1685இல் சுமார் 17 மீட்டர் அகலத் துணியில் ஒரு பொய்க் குவிமாடத்தைத் தீட்டித் தட்டையாகப் பொருத்தினார். அதற்கும் தரையில் தனியாக ஓர் அடையாளம் உண்டு. அதைத் தாண்டி நடந்து திரும்பிப் பார்த்தால், குவிமாடம் ஒரு பக்கம் இழுபட்ட இருண்ட படமாகிவிடும்.

இனி நம் பக்கத்து விதானம் ஒன்றைப் பார்ப்போம். எங்கள் ஊரான திருவண்ணாமலையிலிருந்து மேற்கே போனால் செங்கம் வரும். அங்குள்ள வேணுகோபால பார்த்தசாரதி கோயிலின் மண்டப விதானத்தில் நாயக்கர் கால இராமாயண ஓவியங்கள் உள்ளன. காட்சிகள் பட்டை பட்டையாகப் பிரிக்கப்பட்டு, தெலுங்கில் விளக்க வரிகள் எழுதப்பட்டுள்ளன. இங்கே கூரையைத் துளைத்து வானத்தைக் காட்டும் முயற்சி எதுவும் இல்லை. விதானம் விதானமாகவே இருக்கிறது, அதன் தளத்தில் உருவங்கள் பக்கவாட்டில் திரும்பி நிற்கின்றன. நின்ற இடத்திலிருந்து இதை முழுதாகப் பார்த்துவிட முடியாது. தலையை உயர்த்தியபடி, எழுத்தைப் படிப்பதுபோலக் காட்சிக்குக் காட்சி நகர வேண்டும். 3 மீட்டர் தள்ளி நின்றால் எந்த வானரமும் சாய்வதில்லை, எந்தத் தேரும் நீள்வதில்லை. போட்சோவின் விதானம் ஒருவரை ஓரிடத்தில் நிறுத்தி ஒரு கணத்தைக் காட்டுகிறது. செங்கத்து விதானம் நடப்பவருக்குக் கதையை வரிசையாகச் சொல்கிறது. இரண்டிலும் வண்ணமும் நெரிசலும் உண்டு, ஆனால் பார்ப்பவரைப் பற்றிய எண்ணம் அடியோடு வேறு. நாயக்கர் கலைக்கு 'பரோக்' என்ற பெயர் பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான். அதை அப்படி அழைத்தால், அதில் இல்லாத ஒன்றைத் தேடி, இருப்பதைத் தவறவிடுவோம்.

ஒரு மறுப்பு எழலாம். பரோக்கின் வளைந்த கட்டடங்கள் நம்மை நிறுத்தவில்லையே, நடக்கத்தானே வைக்கின்றன? உண்மைதான். பிரான்செஸ்கோ பொர்ரோமினியின் சான் கார்லோ ஆலயம் இதற்கு நல்ல சான்று. 1638இல் தொடங்கிய இந்தச் சிறிய ஆலயத்தின் முகப்பு 1660களில் எழத் தொடங்கியது. கீழ்த்தளம் உள்வாங்கி, நடுவில் புடைத்து, மீண்டும் உள்வாங்குகிறது. குறுகிய தெருமுனையில் நிற்பதால் யாரும் இதை எதிரே தள்ளி நின்று பார்க்க இயலாது, பக்கவாட்டில்தான் வந்தாக வேண்டும். தட்டையான முகப்பு அந்தக் கோணத்தில் வெறும் விளிம்பாகச் சுருங்கிவிடும். வளைந்த முகப்போ நடக்க நடக்க ஒரு பகுதியை மறைத்து இன்னொரு பகுதியைத் திறக்கும். உள்ளேயும் சுவர் அலையாகப் போவதால், மூலையைப் பிடித்து இடத்தின் அளவைக் கணிக்க முடிவதில்லை. முட்டைவடிவக் குவிமாடத்தில் சிலுவை, எண்கோணம், அறுகோணம் என்று பதித்த குழிகள் உச்சிக்குப் போகப்போகச் சிறுத்துக்கொண்டே போவதால், இருப்பதைவிட உயரமாகத் தெரிகிறது. போட்சோ கணக்கிட்டது நிற்பவரின் கண்ணை, பொர்ரோமினி கணக்கிட்டது நடப்பவரின் கண்ணை. எவரோ ஒருவர் வந்து பார்க்கும் கோணம் வடிவத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருவரும் ஒன்றே.

ஒளியிலும் இதே கணக்குத்தான். 1647க்கும் 1652க்கும் இடையே ரோமில் பெர்னினி அமைத்த கொர்னாரோ சிற்றாலயத்தில், புனித தெரேசாளின் பளிங்குச் சிலைக்கு மேலே மஞ்சள் கண்ணாடி பதித்த ஒரு சாளரம் இருக்கிறது. சிலையைச் சூழ்ந்த மாடம் அதை மறைப்பதால், முன்னால் நிற்பவருக்குச் சாளரம் தெரியாது. பொன்பூசிய வெண்கலக் கதிர்கள்மேல் வழியும் ஒளி மட்டுமே தெரியும். சான் கார்லோவின் குவிமாடத்து அடிச்சாளரங்களையும் பொர்ரோமினி இப்படியே சுதை வேலைப்பாட்டுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறார். எங்கள் ஊர்க் கோயிலில் நடப்பது இதற்கு நேர் எதிர். கருவறை இருட்டாக இருக்கிறது, தீபாராதனையின்போது அர்ச்சகர் கையிலுள்ள சுடர் நம் கண்ணெதிரே நகர்கிறது. மூலவரைக் காட்டிய சுடரே பிறகு நம்மிடம் வருகிறது, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கார்த்திகையில் மலைமேல் ஏற்றும் தீபத்துக்கோ ஒளிரச்செய்ய வேறு பொருளே வேண்டியதில்லை. சுடர்தான் தரிசனம். இருளும் ஒளியும் மோதுவதை மட்டும் வைத்து ஒரு கட்டடத்தை பரோக் என்று சொல்லிவிடக் கூடாது. ஒளி வரும் இடம் மறைக்கப்பட்டதா, காட்டப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

திருவண்ணாமலையிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தொலைவில், ஐரோப்பிய மரபைச் சேர்ந்த கட்டடத்திலேயே இந்த அளவுகோலைச் சோதிக்கலாம். புதுச்சேரியில் சம்பா கோவில் என்று மக்கள் அழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயம் 1791இல் அர்ச்சிக்கப்பட்டது. முன்பு அங்கே இருந்த ஆலயம் 1761இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட பின் எழுந்த கட்டடம் இது. முகப்பில் இரட்டை இரட்டையாகத் தூண்கள் இரண்டு அடுக்குகளில் நிற்கின்றன. அந்தத் தூண்வரிசை 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆலயங்களின் மரபிலிருந்து வந்தது. ஆனால் முகப்பின் தளம் புடைக்கவும் இல்லை, உள்வாங்கவும் இல்லை. நேரெதிரே நின்று பார்ப்பதற்கே அது அமைந்திருக்கிறது. உள்ளே வளைகூரையும் நடுவில் குவிமாடமும் உண்டு. குவிமாடத்தின் வட்டத் திறப்புகள் ஒளிந்துகொள்ளவில்லை, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது வெளிப்படையாகவே தெரிகிறது. விதானத்தைத் திறந்து வானம் காட்டும் ஓவியமும் இல்லை. எனவே சம்பா கோவில் பரோக்கின் தூண்வரிசையைப் பெற்றுக்கொண்ட கட்டடம், அதன் கண்கணக்கைப் பெற்றுக்கொண்ட கட்டடம் அல்ல. அதை பரோக் ஆலயம் என்று எழுதும் மாணவர், முகப்பின் தூண்வரிசை அளவில்தான் அப்படிச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.