பட்ட வீக்கம்

வேலை அப்படியே இருக்க, அதற்குக் கேட்கப்படும் படிப்பு மட்டும் உயர்ந்துகொண்டே போவது. பட்டம் என்ற சொல் முதலில் நெற்றியில் கட்டும் பொன்தகட்டைக் குறித்தது; வீக்கம், பணவீக்கத்திலிருந்து வந்தது. பட்டதாரிகள் பெருகும்போது, குவியும் விண்ணப்பங்களை நிறுவனங்கள் பட்டத்தை வைத்தே கழிக்கின்றன. 2017இல் வெளியான ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வின்படி, அமெரிக்காவில் உற்பத்தி மேற்பார்வையாளர் வேலைக்கான விளம்பரங்களில் 67 விழுக்காடு பட்டம் கேட்டன. அந்த வேலையில் இருந்தவர்களில் பட்டதாரிகள் 16 விழுக்காடே. பட்டமில்லாதவர்களும் அதே வேலையைச் செய்துவந்தார்கள். வீக்கத்தின் அடையாளம் இதுதான். வேலையின் நுட்பமே கூடியிருந்தால் அது வீக்கமாகாது. எல்லாரிடமும் இளங்கலை இருந்தால் தனித்துத் தெரிய முதுகலை வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டியில் முதலில் வெளியே தள்ளப்படுவது, மேலும் இரண்டாண்டு படிக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை. இது அநியாயம்.